இரவு முழுதும் வெளியில் இருந்த கேழ்வரகுக் கூழும் மோரும்: எப்போது குடிக்கலாம், எப்போது கொட்ட வேண்டும்?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் மாரியம்மன் ஆலயங்களில் கூழ் வார்க்கும் நாள்கள் வரிசையாக வரும். வீடுகளிலும் வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் இரவே கேழ்வரகு காய்ச்சி, மூடி வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைப்பது வழக்கம். "பாட்டி காலத்தில் குளிர்சாதனப் பெட்டி ஏது? அப்போதெல்லாம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்று பெரியவர்கள் சொல்வதும், "ராத்திரி முழுதும் வெளியில் இருந்ததைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்" என்று இளையவர்கள் தடுப்பதும் பல வீடுகளில் நடக்கும் வாக்குவாதம்.

இரு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது. எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்பது மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. அந்த இரவு தொடங்கும்போது பானைக்குள் புளிப்பு இருந்ததா, இல்லையா என்பதே முதல் கேள்வி. புளித்த கூழ் ஒரு பொருள். காய்ச்சி ஆறவைத்த புளிக்காத கஞ்சி முற்றிலும் வேறு பொருள். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

புளிப்பு என்ன செய்கிறது?

கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து வைத்தால், மாவிலும் பாத்திரத்திலும் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதிலுள்ள மாவுச்சத்தையும் சர்க்கரையையும் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. தயிரில் நடப்பதும் இதுவேதான். புளிப்பை அளக்க பி.எச். என்ற அளவு பயன்படுகிறது. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பால் ஏறக்குறைய 6.7. புளிக்காத கேழ்வரகுக் கஞ்சி 6க்கு மேல். நன்கு புளித்த மோர் 4.5 அல்லது அதற்கும் கீழே.

உணவுப் பாதுகாப்புத் துறையில் 4.6 என்ற எண்ணை ஒரு எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே போய்விட்டால், உணவை நஞ்சாக்கும் பெரும்பாலான கிருமிகள் பெருக முடியாது. வீட்டில் அளக்கும்போது சற்றுத் தள்ளி 4.2ஐக் குறியாக வைத்துக்கொள்வது நல்லது.

இதில் ஒரு வரம்பு உண்டு. புளிப்பு கிருமியைப் பெருகவிடாது; ஆனால் உள்ளே வந்துவிட்டதை உடனே கொன்றுவிடும் என்று சொல்ல முடியாது. சால்மொனெல்லா போன்றவை புளிப்புக்குள்ளும் சில காலம் உயிரோடு இருக்கும். ஆகவே கழுவாத கையோ, கொதிக்காத தண்ணீரோ, சரியாகக் கழுவாத கொத்தமல்லியோ புளித்த மோரில் சேர்ந்தால், "அதான் புளிச்சுப் போச்சே" என்று நிம்மதியாக இருக்க முடியாது.

காய்ச்சியும் சாகாத ஒன்று

"நன்றாகக் கொதிக்க வைத்தோமே, பிறகு எப்படிக் கெடும்?" என்பது அடுத்த கேள்வி.

மண்ணிலிருந்து வரும் தானியம் எதுவானாலும், அரிசியோ கேழ்வரகோ, அதில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் சிறிதளவு இருக்கக்கூடும். இந்தத் துகள் கடினமான ஓடு போட்டுத் தூங்கும் நிலை. சாதாரணக் கொதிப்பு அதை முழுவதும் அழிப்பதில்லை. கொதிப்பில் சாவது எது என்றால், புளிக்கவைக்கும் நல்ல பாக்டீரியாக்கள்தான். அதாவது காய்ச்சிய பானையில் காவலாளி இறந்துவிடுகிறான்; திருடன் தூங்கிக்கொண்டிருக்கிறான். கஞ்சி ஆறி 50 டிகிரிக்குக் கீழே வந்ததும் திருடன் விழித்துக்கொள்கிறான். 30 முதல் 40 டிகிரி வரை அவனுக்கு மிகவும் வசதியான சூடு.

நம் ஊரில் இரவிலும் வீட்டுக்குள் 27, 28 டிகிரிக்குக் குறைவது அரிது. அதனால் வெளியில் வைத்த பானை விடியும்வரை இந்த வசதியான சூட்டைத் தாண்டிக் கீழே இறங்குவதே இல்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஆலய உபயத்துக்காக ஒரு குடும்பம் 20 லிட்டர் கஞ்சியை இரவு 9 மணிக்குக் காய்ச்சி முடித்து, பெரிய எவர்சில்வர் அண்டாவில் மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. கெட்டியான கஞ்சி, மூடியிருக்கிறது, அண்டா ஆழமானது. நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். நள்ளிரவில் அது கிருமிக்கு ஏற்ற சூட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிவரை 6 மணி நேரம். ஏற்ற சூட்டில் இந்தக் கிருமி 20 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும். கிராமுக்கு 10 கிருமி என்று தொடங்கினால், அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்து 6 மணி நேரத்தில் 40,000ஐத் தாண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 26 லட்சம். கிராமுக்கு ஒரு லட்சம் என்ற அளவை எட்டினாலே அந்த உணவை ஆபத்தானதாகக் கருதுவார்கள்.

காலையில் குடும்பத்தினர் மூடியைத் திறக்கிறார்கள். வாடை இல்லை. நிறம் மாறவில்லை. ஒரு வாய் சுவைத்தால் நேற்றைய சுவைதான். அதில் மோரை ஊற்றிக் கரைக்கிறார்கள். இப்போது பானை புளிக்கிறது. ஆனால் அந்தப் புளிப்பு ஆறு மணி நேரம் தாமதமாக வந்திருக்கிறது.

சிலர் சந்தேகத்துக்குக் காலையில் ஒருமுறை கொதிக்க வைப்பார்கள். கிருமி சாகும். ஆனால் வாந்தியை உண்டாக்கும் நஞ்சை அது ஏற்கனவே உமிழ்ந்திருந்தால், அந்த நஞ்சு கொதிநீரின் சூட்டில் அழியாது. அடுப்பில் வைக்கும் எந்தப் பாத்திரத்திலும் அழியாது. இதனால்தான் "சூடு பண்ணினால் சரியாகிவிடும்" என்பது இங்கே பொருந்துவதில்லை.

பாட்டியின் பானையில் என்ன இருந்தது?

அப்படியானால் முன்பு எப்படிச் சரியாக இருந்தது? பாட்டியின் செய்முறையைப் படிப்படியாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

முதலில், அவர்கள் மாவைக் காய்ச்சுவதற்கு முன்பே புளிக்க வைத்தார்கள். முதல் நாள் கரைத்து வைத்த மாவு மறுநாள் புளித்த பிறகே, வெந்துகொண்டிருக்கும் நொய்யில் ஊற்றிக் கிண்டப்பட்டது. கொதிக்கும்போது நல்ல பாக்டீரியா செத்தாலும், அது உண்டாக்கிய லாக்டிக் அமிலம் ஆவியாகிப் போவதில்லை. பானையிலேயே தங்கும். காவலாளி போனாலும் பூட்டு இருந்தது.

இரண்டாவது, மண்பானை. அதன் நுண்துளைகளில் முந்தைய கூழின் பாக்டீரியாக்கள் தங்கியிருந்தன. புதிதாக ஊற்றிய கூழ் ஆறியதும் அவை மறுபடி வேலையைத் தொடங்கின. சோப்பு போட்டுத் தேய்த்த எவர்சில்வர் அண்டாவில் அந்த உறை கிடையாது. மண்பானை தண்ணீரைக் கசியவிட்டுத் தன்னைத் தானே குளிர்விக்கவும் செய்யும். வறண்ட காற்று வீசும் தமிழக ஊர்களில் இது நன்றாக வேலை செய்யும். எப்போதும் ஈரம் நிறைந்த நம் காற்றில் அந்தக் குளிர்ச்சி குறைவு.

மூன்றாவது, அளவு. வீட்டுப் பானையில் காய்ச்சியது நான்கைந்து லிட்டர். அது விரைவில் ஆறும்; காலையிலேயே தீர்ந்தும் விடும்.

இன்று பலர் செய்வது என்ன? கடையில் வாங்கிய மாவை நேராகக் கொதிக்கும் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, "இரவில் புளித்துவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். புளிக்க வைக்கும் படி விடுபட்டுப்போனது. இரவு முழுதும் வெளியில் வைக்கும் படி மட்டும் மிஞ்சியது.

பாதுகாப்பாகக் காய்ச்சும் முறை

1 கிலோ மாவுக்கு 2.5 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, அதில் இரண்டு கரண்டி புளித்த தயிரையோ, முந்தைய முறை எடுத்து வைத்த புளித்த மாவையோ சேருங்கள். உறை சேர்த்தால் புளிப்பு சீக்கிரம் வரும். சேர்க்காவிட்டால் முதல் சில மணி நேரம் எந்தப் பாக்டீரியா முந்தும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நம் வெப்பத்தில் 12 மணி நேரத்தில் மாவு தெளிவாகப் புளித்திருக்க வேண்டும்.

பிறகு நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றிக் கிண்டி, முழுவதும் வேகும்வரை காய்ச்சுங்கள். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: நொய்யும் தண்ணீரும் சேரும்போது மாவின் புளிப்பு நீர்த்துப்போகும். மாவு புளித்தது என்பதால் கூழும் போதிய அளவு புளித்தது என்று ஆகாது. அளக்க வேண்டியது காய்ச்சி முடித்த கூழை.

அதை அன்றே குடிப்பதாக இருந்தால் கவலை இல்லை. மறுநாளுக்கு என்றால் இரண்டு வழிகள்.

முதல் வழி, குளிர்சாதனப் பெட்டி. அண்டாவோடு உள்ளே தள்ளக் கூடாது. நடுப்பகுதி ஆற இரவெல்லாம் ஆகும். மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான பாத்திரங்களில் ஊற்றி, அடியில் தண்ணீரோ ஐஸோ வைத்துக் கிளறி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள்.

இரண்டாவது வழி, வெளியில் வைப்பது. இதற்குப் புளிப்பு இரவிலேயே சேர வேண்டும், காலையில் அல்ல. கூழை அதே முறையில் விரைவாக ஆறவைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், லிட்டருக்கு ஒரு டம்ளர் நன்கு புளித்த மோரைக் கலந்து மூடி வையுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் மோரின் பாக்டீரியாவும் செத்துவிடும். காலையில் பி.எச். தாளால் பார்த்து, 4.2ஐ எட்டியிருந்தால் பயன்படுத்தலாம். 4.6க்கு மேல் இருந்தால் கொட்டிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், குழந்தைகளும் முதியவர்களும் வரும் பந்திக்கு அதை எடுத்துச் செல்லாதீர்கள்.

தாள் வாங்கும்போது 1 முதல் 14 வரை காட்டும் பொதுவான தாள் போதாது; அதில் 4க்கும் 5க்கும் வேறுபாடு தெரியாது. 3.8 முதல் 5.4 வரை என்பது போலக் குறுகிய எல்லையுள்ள தாளைக் கேளுங்கள். கேழ்வரகின் நிறம் தாளில் ஒட்டினால் அளவு தவறாகத் தெரியும். சிறிது கூழைத் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரில் தாளை நனைக்க வேண்டும். தாள் இல்லாதவர்களுக்கு எளிய விதி: வெளியில் வைக்காதீர்கள்.

மோருக்குத் தனிக் கணக்கு

மோர் விஷயத்தில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. பால் கெட்டியான தயிராக உறைவதே 4.6ஐ ஒட்டிய புளிப்பில்தான். ஆகவே கத்தியால் வெட்டியதுபோல் உறைந்த தயிர், தானே ஓர் அளவுகோல். காய்ச்சிய பாலில் உறை ஊற்றி, கெட்டியாக உறைந்த தயிரைக் கடைந்து, கொதித்து ஆறிய தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்த மோர் ஓர் இரவு வெளியில் இருந்தால், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் கூடுதலாகப் புளித்த மோர்தான், ஆபத்து குறைவு.

இதற்கு மாறாக, காலையில் பார்க்கும்போது உறையாமல் நீர்த்துக் கிடக்கும் பால். "இன்னும் உறையலே, கொஞ்ச நேரம் போகட்டும்" என்று மத்தியானம் வரை விடுவதும், அதையே கடைந்து மோராக்குவதும் தவறு. உறையவில்லை என்றால் புளிப்பு வரவில்லை. அது இரவெல்லாம் வெளியில் இருந்த பால். கொட்டிவிடுங்கள்.

பால்காரரிடம் வாங்கும் பசும்பாலைக் காய்ச்சாமல் உறை ஊற்றக் கூடாது. புளிப்பு அதிகமாகிவிட்டது என்று மோரில் பாலையோ தேங்காய்ப்பாலையோ சேர்த்து வைப்பதும் கூடாது. அது புளிப்பை உடைத்து மறுபடி கிருமிக்கு வழிவிடுகிறது. அப்படிச் சேர்த்தால் உடனே குடித்துவிட வேண்டும். வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, ஐஸ் எல்லாம் பரிமாறும் நேரத்தில் சேர்க்க வேண்டியவை. இவற்றைச் சேர்த்த மோரை இரவுக்கு வைக்காதீர்கள். கூழுக்கும் இதுவே விதி.

மூக்கும் நாக்கும் சொல்பவை

வாடையும் சுவையும் ஒரு பக்கம் மட்டும் உண்மை பேசும். கெட்ட வாடை வந்தால் கெட்டுவிட்டது என்பது நிச்சயம். வாடை இல்லையென்றால் நல்லது என்பது நிச்சயமில்லை. மேலே சொன்ன கிருமியும் அதன் நஞ்சும் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது.

கரண்டியில் தூக்கினால் நூல்போல் இழுபடுவது, மேலே பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்புப் புள்ளிகள், கள் வாடை, கசப்பு, போத்தல் மூடி உப்பியிருப்பது ஆகிய எதைக் கண்டாலும் முழுவதையும் கொட்டுங்கள். பூசணத்தை மட்டும் வழித்தெடுத்துவிட்டு மீதியைக் குடிக்கக் கூடாது. சுவைத்துப் பார்த்துச் சோதிப்பதும் வேண்டாம்.

குழந்தைக்கான கேழ்வரகுக் கஞ்சி

இந்த விளக்கங்கள் எதுவும் கைக்குழந்தையின் கஞ்சிக்குப் பொருந்தாது. அதில் புளிப்பே இல்லை; பாலும் வெல்லமும் சேர்ந்திருக்கும். காய்ச்சிய இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அல்லது ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். குழந்தை எச்சில் பட்ட மீதியைச் சேமிக்க வேண்டாம்.

இங்கே பல தாய்மார்கள் செய்யும் ஒரு தவறு, குழந்தையைப் பராமரிப்பாளரிடம் விடும்போது காலையில் காய்ச்சிய கஞ்சியை ஃபிளாஸ்க்கில் கொடுத்தனுப்புவது. ஃபிளாஸ்க் 60 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் சரி. குழந்தை குடிக்கும் இளஞ்சூட்டில் ஊற்றி மூடினால், அது கிருமிக்கு அடைகாக்கும் பெட்டி. கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஃபிளாஸ்க்கைச் சூடாக்கி, கொதிக்கும் கஞ்சியை நிரப்பி, கொடுக்கும் நேரத்தில் ஆறவைக்கச் சொல்லுங்கள். உலர் மாவைக் கொடுத்தனுப்பி அங்கேயே காய்ச்சச் சொல்வது இன்னும் நல்லது.

ஆலயத்தில் கூழ் வார்ப்பவர்களுக்கு

வீட்டில் தவறினால் நான்கு பேர். ஆலயத்தில் தவறினால் நானூறு பேர். உபயக்காரர்கள் பலர் வீட்டிலிருந்து காய்ச்சிக் கொண்டு வந்து ஒரே அண்டாவில் ஊற்றுவது வழக்கம். ஒரு குடம் கெட்டிருந்தாலும் அத்தனையும் கெடும். ஒவ்வொரு குடத்தையும் ஊற்றுவதற்கு முன், எப்போது காய்ச்சியது, இரவில் எங்கே இருந்தது, புளித்ததா என்று ஒருவர் கேட்டு எழுதி வைக்கலாம். மோரும் வெங்காயமும் சிறு சிறு பகுதியாகப் பரிமாறும் இடத்தில் சேரட்டும். புளிப்பு அளக்கப்படாத கூழ் என்றால், காய்ச்சியதிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். ஒரு சிறிய போத்தலில் மாதிரி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள்.

கையில் வெட்டுக்காயமோ கொப்புளமோ உள்ளவர் கூழைக் கையால் கரைக்கக் கூடாது. தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி அந்த வழியாகத்தான் உணவுக்குள் வருகிறது. அதன் நஞ்சும் சூட்டில் அழிவதில்லை.

குடித்த பிறகு உடல் சரியில்லை என்றால்

ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் தொடங்கினால், உணவில் முன்பே உருவான நஞ்சு காரணமாக இருக்கலாம். வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வந்தால், குடலுக்குள் கிருமி வேலை செய்கிறது. பெரும்பாலோருக்கு ஒரு நாளில் அடங்கும். உப்புச் சர்க்கரைக் கரைசலை மருந்தகத்தில் வாங்கிச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், தண்ணீர்கூட வயிற்றில் தங்காமை, சிறுநீர் குறைவது, மயக்கம் ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ செல்லுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் முதல் அறிகுறியிலேயே போக வேண்டும்.

ஒரே கூழைக் குடித்த இரண்டு மூன்று பேருக்கு ஒன்றுபோல் வந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மலேசியாவில் உணவு நச்சு மருத்துவர்கள் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. மீதிக் கூழைக் கொட்டாமல் மூடி, "குடிக்க வேண்டாம்" என்று எழுதிக் குளிரில் வைத்திருங்கள். எந்தப் பானையில், எந்த நேரத்தில் தவறு நடந்தது என்பதை அதிலிருந்துதான் கண்டுபிடிக்க முடியும்.